எல் இன்டு பி சொல்றதுக்கு முன்னால்

தாம்பரத்தில் செங்கல்பட்டு லோக்கல் ஏறி மறைமலை நகர் வரைக்கும் தினமும் வருகிறவர்களுக்கு இந்தக் காட்சி பழகிப் போயிருக்கும். ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி, பொத்தேரி என்று ஸ்டேஷன் தாண்டத் தாண்ட, சுவரில் எல்லாம் மனை விளம்பரம். 'அரை கிரவுண்டு, 1200 சதுர அடி, உடனடி பத்திரப்பதிவு.' அதை வைத்தே உங்களிடம் ஒரு கேள்வி. ஒரு மனை 30 அடிக்கு 40 அடி. பக்கத்து மனை 20 அடிக்கு 60 அடி. ரெண்டும் 1200 சதுர அடிதான். ரெண்டுக்கும் சுத்தி காம்பவுண்ட் சுவர் கட்டினால் செலவு ஒன்றாக வருமா?

வராது. முதல் மனைக்கு 140 அடி சுவர், இரண்டாவதுக்கு 160 அடி. கணக்கு போட்டால் பத்து செகண்டில் வந்துவிடும். ஆனால் கணக்கு போடாமல், படத்தை மனதில் பார்த்து, 'ஒல்லியான மனைக்குச் சுவர் ஜாஸ்தி ஆகும்' என்று உங்களுக்குத் தோன்றியதா? எனக்குத் தோன்றவில்லை. என் அப்பா போன வருஷம் இதையே கேட்டபோது 'ஒரே ஏரியா தானேப்பா, ஒரே செலவுதான்' என்று சொன்னேன். அப்போது நான் மூன்றாம் வருஷம். இரட்டைத் தொகையீடு போட்டு பரப்பளவு கண்டுபிடிக்கும் பேப்பரில் நல்ல மார்க் எடுத்திருந்தேன்.

அந்தத் தப்பு எங்கிருந்து வந்தது என்று எனக்கு இந்த செமஸ்டரில்தான் புரிந்தது. எங்கள் தெருவில் ஒரு அக்கா சாயந்திரம் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருகிறார். ப்ராஜெக்ட் ரிவ்யூ தவிர எனக்கு வேலை இல்லாததால், நாலாம் வகுப்பு கணக்கை என் தலையில் கட்டிவிட்டார். ஆறு பிள்ளைகள், எல்லாருக்கும் ஒன்பது வயது. பாடம் பரப்பளவும் சுற்றளவும். சுலபம் என்று நினைத்துப் போனேன். போர்டில் ஒரு செவ்வகம் வரைந்து, ஏரியா என்றால் எல் இன்டு பி, பெரிமீட்டர் என்றால் டூ இன்டு எல் பிளஸ் பி என்று எழுதிப்போட்டேன். நான் படித்ததும் இப்படித்தான். பிள்ளைகளும் கடகடவென்று ஒப்பித்தார்கள்.

அப்போது ஒரு பொண்ணு கேட்டாள்: "அண்ணா, நீளத்தை அகலத்தால பெருக்கினா எப்படிண்ணா இடம் வரும்?"

யோசித்துப் பாருங்கள். 6 மிட்டாயை 4 மிட்டாயால் பெருக்குவதில்லை. 6 ரூபாயை 4 ரூபாயால் பெருக்குவதில்லை. ஒரு கோட்டை இன்னொரு கோட்டால் பெருக்கினால் மட்டும் எப்படி ஒரு தரை வந்து நிற்கிறது? அவள் கேட்டது நியாயமான கேள்வி. என்னிடம் பதில் இல்லை. "அதுதான் ஃபார்முலாமா" என்று சொல்லித் தப்பித்தேன். அன்று வீட்டுக்கு வந்தும் அது உறுத்திக்கொண்டே இருந்தது.

இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது இதுதான். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு ஃபார்முலாவை முதலில் தரக்கூடாது. முதலில் சதுர அட்டையும் கட்டம் போட்ட நோட்டும் வேண்டும். அதே சமயம், கட்டத்தைக் கொடுத்துவிட்டு எண்ணச் சொன்னால் மட்டும் போதாது, அந்தக் கட்டத்தை ஒரு கட்டத்தில் திரும்ப எடுத்துக்கொள்ளவும் வேண்டும். இந்த இரண்டாவது பாதியைத்தான் நிறைய பேர் விட்டுவிடுகிறார்கள். நானும் விட்டேன்.

இது என் கண்டுபிடிப்பு இல்லை. 2005 தேசியப் பாடத்திட்டக் கட்டமைப்புக்குப் பிறகு என்சிஇஆர்டி வெளியிட்ட 'மேத் மேஜிக்' புத்தகங்களை சிபிஎஸ்இ-யில் படித்தவர்கள் பார்த்திருப்பீர்கள். அதில் நாலாம் வகுப்பில் வயலும் வேலியும் என்று ஒரு பாடம். ஐந்தாம் வகுப்பில் 'எத்தனை சதுரங்கள்?' என்றே ஒரு பாடம். கையைக் கட்டத்தாளில் வைத்து வரைந்து சதுரம் எண்ணு, 12 சதுரத்தை வைத்து எத்தனை விதமான செவ்வகம் வரும் பார், என்றுதான் போகும். அந்த வயசில் எனக்கு அது விளையாட்டுப் பாடமாகத் தெரிந்திருக்கும். இப்போது ஒரு வகுப்பை நடத்திப் பார்த்த பிறகுதான், அந்த வரிசையில் எவ்வளவு யோசனை இருக்கிறது என்று தெரிகிறது.

மறுநாள் பழைய அட்டைப்பெட்டிகளை வெட்டி, 5 சென்டிமீட்டர் பக்கமுள்ள சதுரங்களாக ஆளுக்கு இருபத்திநாலு செய்தேன். மாடித் தரையில் சாக்பீஸால் 30 சென்டிமீட்டருக்கு 20 சென்டிமீட்டர் செவ்வகம் வரைந்து, "இதை முழுசா மூடுங்க, எத்தனை வேணும்னு சொல்லுங்க" என்றேன். வேறு எதுவும் சொல்லவில்லை.

ஒரு பையன் இருபது என்றான். ஒரு பொண்ணு இருபத்திநாலு என்றாள். ஒரே அளவு செவ்வகம், ஒரே அளவு அட்டை. சண்டை வந்துவிட்டது. போய்ப் பார்த்தால், பையன் அட்டைக்கு அட்டை ஒரு விரல் சந்து விட்டு அடுக்கியிருக்கிறான். அதனால் வரிசைக்கு ஐந்துதான் கொள்கிறது. "டேய், நடுவுல தரை தெரியுதுடா" என்று அந்தப் பொண்ணே சொல்லிக்கொடுத்தாள். சந்து இருக்கக்கூடாது, ஒன்றின் மேல் ஒன்று ஏறக்கூடாது, எல்லாம் ஒரே அளவாக இருக்க வேண்டும். பரப்பளவு என்ற வார்த்தைக்குள் இருக்கும் மூன்று நிபந்தனைகளையும் பிள்ளைகள் சண்டை போட்டே கண்டுபிடித்தார்கள். எல் இன்டு பி-யில் இந்த மூன்றில் ஒன்றுகூட வெளியே தெரியாது.

அதற்கடுத்து கட்டம் போட்ட நோட்டு. ஒன்றாம் வகுப்பு, இரண்டாம் வகுப்புக் கணக்குக்கு வாங்குவோமே, அதே நோட்டு. கட்டம் சரியாக ஒரு சென்டிமீட்டர் இருக்க வேண்டும் என்றில்லை. எல்லாம் ஒரே அளவாக, நிஜமாகவே சதுரமாக இருந்தால் போதும். சில நோட்டுகளில் கட்டம் கொஞ்சம் நீளவாக்கில் இருக்கும். ஸ்கேல் வைத்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள். இல்லையென்றால் சுற்றளவு வரும்போது மாட்டிக்கொள்வீர்கள்.

நானும் அந்தச் சுற்றளவில்தான் மாட்டினேன், வேறு விதமாக. அதே ஆறுக்கு நாலு செவ்வகத்தை நோட்டில் வரைந்து, "ஓரத்துல சுத்தி எவ்வளவு?" என்று கேட்டேன். சரியான பதில் 20. ஆறு பேரில் நாலு பேர் 16 என்றார்கள். ஒருத்தர் தப்பு சொன்னால் கவனக்குறைவு எனலாம். நாலு பேர் ஒரே தப்பான எண்ணைச் சொன்னால், அவர்கள் ஏதோ ஒன்றைச் சரியாகவே செய்கிறார்கள், ஆனால் நான் கேட்டதை அல்ல என்று அர்த்தம்.

அவர்கள் எண்ணியது ஓரத்துக் கட்டங்களை. மேல் வரிசையில் ஆறு, கீழ் வரிசையில் ஆறு, இடதில் மிச்சம் இரண்டு, வலதில் இரண்டு. மொத்தம் 16. நான் கேட்டது ஓரத்துக் கோட்டை. மூலைக் கட்டம் ஒவ்வொன்றும் வெளிப்பக்கம் இரண்டு கோடு காட்டுகிறது, ஆனால் கட்டமாக எண்ணும்போது ஒரு தரம்தான் எண்ணப்படுகிறது. நாலு மூலை, நாலு குறைவு. இரண்டு வரிசைக்குக் குறையாத எந்தச் செவ்வகத்தில் இந்தத் தப்பைச் செய்தாலும் விடை மிகச் சரியாக நாலுதான் குறையும். ட்யூஷன் எடுப்பவர்கள் இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளையின் சுற்றளவு நாலு குறைந்தால் கூட்டலில் பிழை தேட வேண்டாம், அது கோட்டை விட்டுவிட்டுக் கட்டத்தை எண்ணுகிறது.

கட்டத்தாள் தரும் தொல்லைதான் இது. ஒரே தாளில் நீளமும் இருக்கிறது, பரப்பும் இருக்கிறது. பிள்ளையின் கண்ணுக்குக் கட்டம்தான் பெரிதாகத் தெரியும், கோடு தெரியாது. நான் தீக்குச்சியை எடுத்தேன். சாக்பீஸ் செவ்வகத்தில் அட்டைகள் அப்படியே இருக்கட்டும், ஓரத்தில் ஒவ்வொரு அட்டையின் வெளிப்பக்கத்துக்கும் ஒரு குச்சி வை என்றேன். மூலை அட்டைக்கு வரும்போது கை தானாக இரண்டு குச்சி எடுக்கிறது. குச்சியைச் சேகரித்து எண்ணினால் இருபது. "அட்டை மூடுறதுக்கு, குச்சி சுத்துறதுக்கு" என்று ஒரு பையன் சொன்னான். அதற்கப்புறம் அந்த வகுப்பில் அதுதான் எங்கள் வாய்ப்பாடு.

நம்ம ஊரில் டைல்ஸ் ஒட்டுகிறவர்கள் இந்த வித்தியாசத்தை வார்த்தையிலேயே வைத்திருக்கிறார்கள். தரைக்குச் சதுர அடி. சுவரோரத்தில் ஒட்டும் ஸ்கர்ட்டிங்குக்கு ரன்னிங் அடி. 10 அடிக்கு 12 அடி அறை என்றால் தரை 120 சதுர அடி, இரண்டுக்கு இரண்டு டைல்ஸ் என்றால் முப்பது, உடையிறதுக்கு மேலே கொஞ்சம். ஸ்கர்ட்டிங் சுற்றிலும் 44 ரன்னிங் அடி, அதில் மூன்று அடிக் கதவைக் கழித்தால் 41. ஒரே அறை, இரண்டு எண், இரண்டு அலகு. இரண்டையும் குழப்பினால் கடையில் காசு போகும். நான் ஸ்கூலில் பத்து வருஷம் இரண்டையும் ஒரே 'ஃபார்முலா ஷீட்'டில் அடுத்தடுத்த வரியாகப் பார்த்தவன். எனக்கு அவை வேறு வேறு பொருள் என்றே தோன்றியதில்லை.

இன்னொரு தப்பும் செய்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன். சுற்றளவைக் காட்ட நான் முதலில் எடுத்தது நாலுக்கு நாலு சதுரம். பரப்பளவு 16, சுற்றளவும் 16. "அப்போ ரெண்டும் ஒண்ணுதானாண்ணா?" என்று கேட்டுவிட்டார்கள். ஆறுக்கு மூன்றை எடுத்திருந்தாலும் இதே கதைதான், இரண்டும் 18. முழு எண் பக்கங்களில் இப்படி ஒத்துப்போகிற செவ்வகங்கள் இந்த இரண்டு மட்டும்தான். ab = 2(a+b) என்பதை (a−2)(b−2) = 4 என்று மாற்றி எழுதினால் ஏன் என்று உங்களுக்கே தெரியும். இருக்கிற இரண்டில் ஒன்றை முதல் நாளே எடுத்தது என் ராசி. நீங்கள் எடுக்காதீர்கள்.

அடுத்த நாள் அந்த 12 சதுர விளையாட்டு. ஆளுக்குப் பன்னிரண்டு அட்டை, மீதம் இல்லாமல் எத்தனை செவ்வகம் செய்யலாம்? மூன்று வந்தது. 12-க்கு 1, 6-க்கு 2, 4-க்கு 3. எல்லாவற்றிலும் அட்டை பன்னிரண்டுதான், ஆனால் குச்சி முறையே 26, 16, 14. ஒல்லியாக நீட்ட நீட்ட வேலி கூடுகிறது. என் அப்பா கேட்ட மனைக் கேள்விக்குப் பதில் இங்கே, ஒன்பது வயதுப் பிள்ளைகள் முன்னால் தரையில் கிடந்தது.

பிறகு எனக்கே பிடித்த ஒன்றைச் செய்தோம். நாலுக்கு மூன்று செவ்வகத்தில் ஒரு மூலை அட்டையை எடுக்கச் சொன்னேன். எடுப்பதற்கு முன்னால், "குச்சி கூடுமா, குறையுமா?" எல்லாரும் குறையும் என்றார்கள். எடுத்துப் பார்த்தால், வெளியே இருந்த இரண்டு குச்சியும் அப்படியே உள்பக்கம் மடிந்து நிற்கின்றன. அட்டை 11, குச்சி அதே 14. நம்பாமல் மூன்று தரம் எண்ணினார்கள். மூலையைத் திரும்ப வைத்துவிட்டு, இந்தத் தரம் ஓரத்தின் நடுவிலிருந்து ஒரு அட்டையை எடுத்தோம். ஒரு குச்சி போனது, பள்ளத்துக்குள் மூன்று குச்சி வந்தது. அட்டை குறைந்து 11, குச்சி கூடி 16. பரப்பு குறையும்போது சுற்றளவு கூடலாம் என்பதை நான் வாயால் சொல்லியிருந்தால் அதையும் ஒரு வரியாக மனப்பாடம் செய்திருப்பார்கள்.

மேத் மேஜிக்கில் இதற்கு இன்னும் வேடிக்கையான வடிவம் ஒன்று உண்டு. 14 சென்டிமீட்டருக்கு 9 சென்டிமீட்டர் பழைய போஸ்ட் கார்டைப் பட்டை பட்டையாக வெட்டி, ஒட்டி, பெல்ட் செய்யச் சொல்லும். கார்டின் பரப்பு 126, சுற்றளவு 46. நீளவாக்கில் ஒரு சென்டிமீட்டர் அகலத்துக்கு வெட்டினால் ஒன்பது பட்டை. முனையோடு முனை வைத்து டேப் போட்டால் 126 சென்டிமீட்டர் நீள பெல்ட். பரப்பு இன்னும் 126 சதுர சென்டிமீட்டர்தான், சுற்றளவு 254. ஒன்றும் சேர்க்கவில்லை, ஒன்றும் எடுக்கவில்லை. பசை தடவி ஒன்றின் மேல் ஒன்று ஏற்றி ஒட்டினால் நீளம் குறையும். எங்கள் வகுப்பில் ஒருத்தனுக்குக் குறைந்தது, முதல் நாள் சொன்ன 'மேல ஏறக்கூடாது' மறுபடி வந்தது.

இவ்வளவும் நன்றாகப் போனதால் வேலை முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை.

நாலாவது நாள் வெறும் வெள்ளைத் தாளில், கட்டம் இல்லாமல் ஒரு செவ்வகம் வரைந்து, பக்கத்தில் ஒரே ஒரு சதுரம் வரைந்து, "இந்த மாதிரி எத்தனை உள்ளே போகும், வரைஞ்சு காட்டு" என்றேன். தரையில் இருபத்திநாலு அட்டையை அழகாக அடுக்கிய அதே பிள்ளைகள். ஒருத்தன் ஓரம் முழுக்கச் சதுரங்களைச் சுற்றி வரைந்துவிட்டு, நடுவில் இடம் கிடைத்த அளவுக்கு, பெரிதும் சின்னதுமாகத் திணித்தான். ஒருத்தியின் வரிசைகள் ஒன்றின் கீழ் ஒன்று நேராக வரவில்லை. மேல் வரிசையில் ஆறு, அடுத்ததில் ஏழு, அதற்கடுத்ததில் ஐந்து.

இதைப் பற்றித் தேடிப் படித்தபோது, இது எங்கள் மாடியில் மட்டும் நடப்பதில்லை என்று தெரிந்தது. மைக்கேல் பாட்டிஸ்டாவும் கூட இருந்தவர்களும் 1998-இல் அமெரிக்காவில் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளை வைத்து இதை ஆராய்ந்திருக்கிறார்கள். நமக்கு வரிசையும் பத்தியுமாகத் தெரிகிற சதுரக் கூட்டம், பிள்ளையின் கண்ணில் அப்படித் தானாகத் தெரிவதில்லை, அதை மனதில் கட்ட வேண்டியிருக்கிறது என்பது அவர்கள் முடிவு. 2000-இல் லின் அவுட்ரெட், மைக்கேல் மிட்செல்மோர் இருவரும் ஆஸ்திரேலியப் பிள்ளைகளிடம், நான் தற்செயலாகச் செய்ததைத் திட்டமிட்டே செய்திருக்கிறார்கள். கை நிறைய டைல்ஸ் கொடுக்காமல், வரையச் சொன்னார்கள். காரணம் எளிது. மரச் சதுரத்தை மரச் சதுரத்தின் பக்கத்தில் வைத்தால் அது தானாக நேராக நின்றுவிடும். அடுக்குகிற வேலையை டைல்ஸ் செய்துவிடுகிறது, பிள்ளை யோசிக்க வேண்டியதில்லை.

கட்டத்தாளும் அப்படித்தான். அச்சடித்தவன் வரிசையை ஏற்கெனவே போட்டுவிட்டான். பிள்ளை ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினால் விடை வந்துவிடுகிறது. விடை சரியாக இருப்பதால் நமக்கும் சந்தேகம் வருவதில்லை. ஆனால் எண்ணுவதற்கும் பெருக்கலுக்கும் நடுவில் ஒரு படி இருக்கிறது. 'ஒரு வரிசையில் ஆறு, அந்த மாதிரி நாலு வரிசை' என்று பார்க்கிற படி. அதைத் தாண்டாத பிள்ளைக்கு எல் இன்டு பி சொன்னால், நான் கற்ற மாதிரியேதான் அதுவும் கற்கும்.

அதனால் அட்டையைக் குறைத்தேன். ஆறுக்கு நாலு செவ்வகத்துக்கு இருபத்திநாலு தராமல், ஒன்பதுதான் தந்தேன். மேலே ஒரு வரிசைக்கு ஆறு, பக்கவாட்டில் இறங்க மூன்று, அவ்வளவுதான். "மிச்சத்தை மனசுல அடுக்கு." முதலில் விரலால் காற்றில் தொட்டுத் தொட்டு எண்ணினார்கள். கொஞ்ச நேரம் கழித்து ஒரு பையன் தொடுவதை நிறுத்திவிட்டு ஆறு, பன்னிரண்டு, பதினெட்டு, இருபத்திநாலு என்றான். அடுத்து அட்டையே இல்லாமல், செவ்வகத்தின் ஓரத்தில் மட்டும் அளவுக் குறி போட்டுக் கொடுத்தேன். குறிக்குக் குறி ஸ்கேல் வைத்துக் கோடு இழுத்ததும் கட்டம் அவர்கள் கையாலேயே பிறந்தது. நேராக வராத வரிசைப் பிரச்சினையும் அதோடு போனது.

கடைசியாக ஒரு சோதனை. ஏழுக்கு ஐந்து கட்டம் வரைந்து, நடுவில் இங்க் கொட்டின மாதிரி அப்பிவிட்டேன். மேல் வரிசையும் இடது பத்தியும் மட்டும் தெரியும். எண்ணுகிற பிள்ளையால் இதைச் செய்ய முடியாது, கண்ணுக்குக் கட்டம் தெரியவில்லை. வரிசையைப் பார்க்கிற பிள்ளை 35 என்று சொல்லும். ஆறு பேரில் ஐந்து பேர் சொன்னார்கள். மிச்சம் ஒருத்தன், அவனுக்கு இன்னும் இரண்டு சாயந்திரம் ஒன்பது அட்டையே போதும் என்று விட்டுவிட்டேன்.

அன்றைக்குத்தான் முதல் நாள் கேள்வி கேட்ட பொண்ணிடம் போனேன். "நீளத்தை அகலத்தால பெருக்கினா எப்படி இடம் வரும்னு கேட்டியே, இப்போ சொல்லு." அவள் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள்: "நீளத்தைப் பெருக்கலைண்ணா. ஒரு வரிசையில எத்தனை கட்டம், எத்தனை வரிசை, அதைத்தான் பெருக்கறோம்." கோட்டைக் கோட்டால் பெருக்கவில்லை. ஆறு சென்டிமீட்டர் நீளம் என்றால் ஒரு வரிசையில் ஆறு சதுரம் நிற்கும் என்று சொல்கிறது, அவ்வளவுதான். நான் ஃபார்முலாவைப் போர்டில் எழுதினேன். இந்த முறை யாரும் ஒப்பிக்கவில்லை, "அதான் தெரியுமே" என்றார்கள்.

இதற்கு எதிராகச் சொல்வதற்கும் இருக்கிறது. ஃபார்முலா சொல்ல எனக்குப் பிடித்தது இரண்டு நிமிஷம். இதற்கு ஆறு சாயந்திரம். ஆறு பிள்ளை வைத்து மாடியில் நடத்துவதும், நாற்பது பிள்ளை வைத்து வகுப்பறையில் நடத்துவதும் ஒன்றில்லை. பாடம் முடிக்க வேண்டிய ஆசிரியரை நான் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த ஆறு நாளில் பெருக்கலும் நடந்தது, அளப்பதும் நடந்தது, ஸ்கேல் பிடிப்பதும் நடந்தது. கட்டம் போட்ட நோட்டும் தீக்குச்சியும் எந்தத் தெருமுனைக் கடையிலும் கிடைக்கும். நேரம் குறைவு என்றால் எதையாவது விடலாம், ஆனால் அந்த ஒன்பது அட்டையை விடாதீர்கள் என்பேன். எண்ணலிலிருந்து பெருக்கலுக்குப் போகிற பாலம் அதுதான்.

கட்டத்துக்கும் எல்லை உண்டு. 35-க்கு 48 செவ்வகத்தைக் கட்டம் வைத்து எண்ணச் சொல்வது கொடுமை. அங்கே ஃபார்முலாதான் வேண்டும், அப்போது அதன் அருமை பிள்ளைக்கே தெரியும். மூன்றரைக்கு இரண்டு என்றால் கட்டம் கைகொடுக்கும்: ஆறு முழுச் சதுரம், இரண்டு அரை, மொத்தம் ஏழு. மூன்றரைக்கு இரண்டரை என்றால் மூலையில் ஒரு கால் சதுரம் வந்து நிற்கும். அதை நான் ஐந்தாம் வகுப்புக்கு விட்டுவிட்டேன்.

என் பங்குக்கு ஒரு வாக்குமூலமும் பாக்கி இருக்கிறது. முதல் வருஷம் லேபில் ஒரு சதுர மீட்டருக்கு நூறு சதுர சென்டிமீட்டர் என்று ரெக்கார்டில் எழுதி, சிவப்பு மையில் சுழித்து வாங்கியவன் நான். அப்போது 'கன்வர்ஷன் மறந்துட்டேன்' என்று நினைத்தேன். மறக்கவில்லை, பார்த்ததே இல்லை. ஒரு வரிசையில் நூறு சதுரம், அந்த மாதிரி நூறு வரிசை, பத்தாயிரம். போன வாரம் ஒன்பது வயதுப் பையன் ஒருத்தனிடம் கேட்டேன். ஃபார்முலா எதுவும் சொல்லாமல், தரையை ஒரு நொடி பார்த்துவிட்டு, "நூறு வரிசை இருக்கும்ல?" என்றுதான் ஆரம்பித்தான்.

நம்மில் நிறைய பேர் செலவுக்காக ட்யூஷன் எடுக்கிறோம், தம்பி தங்கைக்கும் அக்கா பிள்ளைக்கும் கணக்கு சொல்லித் தருகிறோம். அடுத்த தடவை ஒரு நாலாம் வகுப்புப் பிள்ளை பரப்பளவுப் பாடத்தோடு வந்தால், வாயில் வருகிற எல் இன்டு பி-யைக் கொஞ்சம் அடக்கிக்கொண்டு, ஒரு வெள்ளைத் தாளில் செவ்வகம் வரைந்து, உள்ளே எத்தனை சதுரம் போகும் என்று வரையச் சொல்லுங்கள். வரிசை கோணலாக வந்தால், எங்கிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.